210 மெகாவாட் மின்சாரத்துக்கு 265 மெகாவாட் வெப்பம் ஏன் வெளியே போகிறது?

அனல்மின் நிலையத்தின் செயல்திறன் 35 விழுக்காடு என்று படிப்பவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம் நியாயமானதுதான். நூறு ரூபாய்க்கு நிலக்கரி வாங்கி, முப்பத்தைந்து ரூபாய்க்கு மட்டும் மின்சாரம் எடுத்து, மீதியைக் கடலிலும் கூலிங் டவரிலும் கொட்டுவது திறமைக்குறைவா, அலட்சியமா? அந்தச் சூட்டைப் பிடித்து இன்னொரு டர்பைனை ஓட்டக் கூடாதா? பாய்லருக்கே திருப்பி அனுப்பக் கூடாதா?

இழப்பில் ஒரு பகுதி உண்மையிலேயே மனிதக் குறைதான். ஆனால் பெரும்பகுதியை இயற்கையே விதித்திருக்கிறது. எது எவ்வளவு என்பதை வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கொண்டு பிரித்துக் கணக்கிட முடியும். தூத்துக்குடி, மேட்டூர், வட சென்னை ஆகிய இடங்களில் நெடுங்காலமாக ஓடிவரும் 210 மெகாவாட் அலகுகளைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் இந்த வகை அலகுக்குப் பொருந்தும்படி முழுமையாக்கியவை. குறிப்பிட்ட எந்த நிலையத்தின் அளவீடும் அல்ல.

அடிப்படை: வெப்பத்துக்கு அளவு மட்டும் போதாது

முதல் விதி எளிது. உள்ளே போன ஆற்றலும் வெளியே வந்த ஆற்றலும் சமமாக இருக்க வேண்டும். இந்த விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் 100 விழுக்காடு திறனுள்ள இயந்திரத்துக்கு எந்தத் தடையும் இல்லை. கடல்நீரின் வெப்பத்தை உறிஞ்சி அதை முழுக்க மின்சாரமாக்கும் கப்பலைக்கூட முதல் விதி அனுமதிக்கும்.

அப்படி ஒரு கப்பல் ஏன் இல்லை என்பதை இரண்டாம் விதி சொல்கிறது. அதைப் பயன்படுத்த ஒரே ஒரு புதிய அளவு தேவை: என்ட்ரோபி. 1865-ல் ருடால்ஃப் கிளாசியஸ் இந்தப் பெயரை வைத்தார். பெயர் மிரட்டினாலும் நம் கணக்குக்கு வேண்டிய வரையறை ஒரு வகுத்தல்தான். ஒரு பொருளுக்குள் Q அளவு வெப்பம் T என்ற வெப்பநிலையில் நுழைந்தால், அத்துடன் Q/T அளவு என்ட்ரோபியும் நுழைகிறது. T கெல்வினில் இருக்க வேண்டும். அதாவது செல்சியஸ் எண்ணுடன் 273-ஐக் கூட்ட வேண்டும்.

இனி மூன்று விதிமுறைகள் போதும்.

1. என்ட்ரோபி புதிதாக உண்டாகலாம், ஆனால் அழியாது. உராய்வு, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் பாய்வது, அழுத்தம் வீணே விழுவது எல்லாமே அதை உண்டாக்கும்.

2. சுழலும் தண்டு வழியாக வெளியேறும் வேலை என்ட்ரோபியை எடுத்துச் செல்லாது. வெப்பம் மட்டுமே எடுத்துச் செல்லும்.

3. இயந்திரம் தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது தொடங்கிய நிலைக்குத் திரும்ப வேண்டும். எனவே உள்ளே வந்த என்ட்ரோபியும் உள்ளே உண்டான என்ட்ரோபியும் முழுக்க வெளியே போயாக வேண்டும். தேக்கி வைக்க இடமில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தானாக வந்து நிற்கும். வெப்பத்துடன் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த என்ட்ரோபியைத் தண்டு வெளியே கொண்டுபோகாது. வெப்பம்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே கொஞ்சம் வெப்பத்தை வெளியே விட்டே தீர வேண்டும். குளிர்ந்த இடத்தில் விட்டால் குறைந்த வெப்பத்திலேயே நிறைய என்ட்ரோபியைக் கழித்துவிடலாம். ஏனென்றால் வகுக்கும் எண் சிறியது. வெப்பத்தை உயர்ந்த T₁ வெப்பநிலையில் வாங்கித் தாழ்ந்த T₂ வெப்பநிலையில் விடும் இயந்திரத்துக்கு, உள்ளே எந்தக் குறையும் இல்லை என்றாலும், கிடைக்கும் உச்சத் திறன் இவ்வளவுதான்:

η = 1 − T₂/T₁

இந்த வரம்பு கார்னோவின் பெயரால் அழைக்கப்படுகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ இதன் கருவை 1824-ல், தம் 28-ஆம் வயதில் எழுதி வெளியிட்டார். அப்போது என்ட்ரோபி என்ற சொல்லே கிடையாது. வெப்பம் என்பது ஒரு வகைப் பாய்மம் என்றுதான் அவரும் அந்த நூலில் எடுத்துக்கொண்டார். அடித்தளக் கருத்து தவறு, முடிவு சரி. அறிவியலில் இது அபூர்வம்.

கண்டென்சரை எடுத்துவிட்டால் என்ன?

கணக்குக்குப் போகும் முன், "டர்பைனிலிருந்து வரும் நீராவியை எதற்குக் குளிர்விக்க வேண்டும், அப்படியே பாய்லருக்குள் தள்ளினால் என்ன?" என்ற கேள்வியைத் தீர்த்துவிடுவது நல்லது. அந்த நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கலன்தான் கண்டென்சர். இரண்டாம் விதி இரும்பும் நீருமாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான்.

டர்பைனின் கடைசியில் நீராவி சுமார் 47 டிகிரியில், 0.1 பார் அழுத்தத்தில் இருக்கிறது. அதாவது வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த நிலையில் ஒரு கிலோ நீராவி ஏறக்குறைய 14,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பாய்லரின் அழுத்தமோ 150 பார். 14,000 லிட்டர் ஆவியை நசுக்கி அந்த அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால், அந்த ஆவி டர்பைனில் விரிந்தபோது கொடுத்த வேலை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். உராய்வுக்கென்று மேலும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். மிச்சம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்.

அதே ஒரு கிலோவைத் தண்ணீராக்கிவிட்டால் அது ஒரே லிட்டர். அதை 150 பாருக்கு ஏற்ற சுமார் 15 கிலோஜூல் போதும். பம்பின் குறைகளையும் சேர்த்தால் 20. டர்பைனில் ஒரு கிலோ ஆவி கொடுப்பது ஆயிரம் கிலோஜூலுக்கு மேல். லாபம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆவியைத் தண்ணீராக்க, 47 டிகிரியில் கிலோவுக்கு 2,200 கிலோஜூலுக்குக் குறையாத வெப்பத்தை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த யாரோதான் கடல், ஆறு, அல்லது கூலிங் டவர். மலிவாகத் திரும்பிச் செல்வதற்கான கட்டணம் என்று இதைச் சொல்லலாம்.

ஒரு 210 மெகாவாட் அலகின் கணக்கு

மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம்.

- பாய்லரிலிருந்து நீருக்கும் நீராவிக்கும் போய்ச் சேரும் வெப்பம்: 480 மெகாவாட்.
- அந்த வெப்பம் போய்ச் சேரும் சராசரி வெப்பநிலை: 640 கெல்வின், அதாவது சுமார் 367 டிகிரி செல்சியஸ். (நீராவி 540 டிகிரியில் இருக்கும்போது இது ஏன் இவ்வளவு குறைவு என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.)
- கண்டென்சரில் ஆவியின் வெப்பநிலை: 320 கெல்வின், அதாவது 47 டிகிரி.

கணக்கு இப்படிப் போகும்.

1. உள்ளே வரும் என்ட்ரோபி: 480 ÷ 640 = கெல்வினுக்கு 0.75 மெகாவாட்.

2. இதை 320 கெல்வினில் வெளியேற்றக் குறைந்தபட்சம் தேவையான வெப்பம்: 0.75 × 320 = 240 மெகாவாட். உலகின் மிகச் சிறந்த பொறியாளர் கட்டினாலும் இதில் ஒரு வாட் குறையாது.

3. எனவே கிடைக்கக்கூடிய உச்ச வேலை: 480 − 240 = 240 மெகாவாட். சரியாகப் பாதி.

4. நிஜத்தில் ஜெனரேட்டரிலிருந்து வருவது 210 மெகாவாட். ஜெனரேட்டரிலும் பேரிங்குகளிலும் போகும் சுமார் 5 மெகாவாட்டைக் கழித்தால், கண்டென்சரில் விடப்படுவது 265 மெகாவாட்.

5. 265 ÷ 320 = 0.828. உள்ளே வந்தது 0.75. மீதி 0.078 உள்ளேயே பிறந்தது: டர்பைன் தகடுகளில் உராய்வு, சீல்களில் கசிவு, வால்வுகளில் அழுத்த இழப்பு, ஹீட்டர்களில் சூட்டு வித்தியாசம். இந்தக் குறைகளின் விலை 0.078 × 320 = 25 மெகாவாட்.

கண்டென்சரில் போகும் 265 மெகாவாட்டில் 240 விதி கேட்கும் கட்டாயம். 25 மட்டுமே இயந்திரத்தின் குறை. டர்பைனை எவ்வளவு மெருகேற்றினாலும், மீட்டெடுக்க முடிவது இந்த 25-லிருந்தும் ஜெனரேட்டர் பக்கத்து 5-லிருந்தும்தான். 265 மெகாவாட்டை எடுத்துச் செல்லும் தண்ணீர் 9 டிகிரி சூடாகும் என்றால், விநாடிக்கு சுமார் 7 டன் தண்ணீர் கண்டென்சர் குழாய்கள் வழியே ஓட வேண்டும். அனல்மின் நிலையங்களைக் கடற்கரையிலும் அணைக்கருகிலும் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

35 விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். பாய்லரின் திறன் 86 விழுக்காடு என்றால் 480 மெகாவாட்டைக் கொடுக்க நிலக்கரியில் 558 மெகாவாட் எரிய வேண்டும். கிலோவுக்கு 3,500 கிலோகலோரி உள்ள நிலக்கரியில் இது மணிக்கு சுமார் 137 டன். 210-ல் ஏறக்குறைய 9 விழுக்காட்டை நிலையத்தின் சொந்த பம்புகளும் விசிறிகளும் அரைவை மில்களும் எடுத்துக்கொள்ளும். கம்பியில் ஏறுவது 191 மெகாவாட். 191 ÷ 558 = 34 விழுக்காடு, ஏறக்குறைய அந்த 35.

540 டிகிரியை T₁ என்று எடுக்கக் கூடாது

பலர் செய்யும் பிழை இது. நீராவி 540 டிகிரி, அதாவது 813 கெல்வின்; கண்டென்சர் 320 கெல்வின்; ஆகவே கார்னோ வரம்பு 1 − 320/813 = 60.6 விழுக்காடு. "60 கிடைக்க வேண்டிய இடத்தில் 44 தான் எடுக்கிறார்கள்" என்று அடுத்த வரி தொடங்கும். சூத்திரம் சரி, எண் தவறு.

வெப்பம் முழுவதும் 540 டிகிரியில் உள்ளே போவதில்லை. பாய்லருக்குள் தண்ணீர் நுழைவது சுமார் 245 டிகிரியில். 150 பார் அழுத்தத்தில் அது கொதிப்பது 342 டிகிரியில். சூப்பர்ஹீட்டரில்தான் ஆவி அங்கிருந்து 540-க்கு ஏறுகிறது. டர்பைனின் முதல் பகுதியில் வேலை செய்து 345 டிகிரி அளவுக்கு ஆறிய ஆவி, ரீஹீட்டருக்குத் திரும்பி மீண்டும் 540-க்கு ஏறுகிறது. ஒவ்வொரு டிகிரியிலும் எவ்வளவு வெப்பம் நுழைந்தது என்பதை எடையிட்டுச் சராசரி எடுத்தால் 640 கெல்வின் வருகிறது. நீராவி அட்டவணையில் வெப்ப உள்ளுறை மாற்றத்தை என்ட்ரோபி மாற்றத்தால் வகுத்தால் யாரும் இதைச் சரிபார்க்கலாம்.

இந்தச் சராசரியை உயர்த்துவதுதான் சுழற்சியை வடிவமைப்பவர்களின் முழுநேர வேலை. அதில் மிகவும் விந்தையாகத் தோன்றுவது ஃபீட்வாட்டர் ஹீட்டர். டர்பைனில் பாதி வழி வந்த ஆவியை, இன்னும் வேலை செய்யத் தெம்பிருக்கும்போதே, அங்கங்கே உருவி எடுத்து, பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். இப்படி ஆறேழு ஹீட்டர்கள் வரிசையாக நின்று 47 டிகிரி தண்ணீரை 245-க்குக் கொண்டுவருகின்றன. வேலை செய்ய வேண்டிய ஆவியை வெந்நீர் போடப் பயன்படுத்துவது நஷ்டம்போல் தெரியும். ஒரு கிலோ ஆவிக்குக் கிடைக்கும் வேலை குறைவதும் உண்மைதான். ஆனால் இந்த ஏற்பாட்டால் பாய்லர் இனி 47 முதல் 245 டிகிரி வரையிலான "மட்டமான" வெப்பத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. அது கொடுக்கும் வெப்பமெல்லாம் 245-க்கு மேல்தான் நுழைகிறது. சராசரி T₁ ஏறுகிறது. ஒரு மெகாவாட்டுடன் ஒட்டிக்கொண்டு வரும் என்ட்ரோபி குறைகிறது. கண்டென்சரில் விட வேண்டியதும் குறைகிறது.

இதனால்தான் உயர் அழுத்த ஹீட்டர் ஒன்றில் குழாய் ஓட்டையாகி அதை விலக்கிவைத்து ஓட்டும்போது, மின் உற்பத்தி குறையாமலே நிலக்கரிச் செலவு ஏறுகிறது. மெகாவாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நோய் தெரியாது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோகலோரி என்று சொல்லும் ஹீட் ரேட்டைப் பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

எந்த மீட்டரும் காட்டாத மிகப்பெரிய இழப்பு

இரண்டாம் விதி சொல்லித்தரும் விஷயங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பாய்லரின் திறன் 86 விழுக்காடு என்கிறோம். புகைபோக்கியில் போகும் சூடு, நிலக்கரியின் ஈரம், எரியாத கரி என்று மீதி 14-க்குப் பட்டியல் இருக்கிறது. கேட்பவருக்கு பாய்லர் நல்ல பிள்ளை, டர்பைன்தான் ஊதாரி என்று தோன்றும். உண்மை தலைகீழ்.

உலைக்குள் நிலக்கரி எரிந்து வரும் புகைவாயு 1,700 டிகிரியை ஒட்டித் தொடங்கி, பாய்லர் குழாய்களைக் கடந்து வெளியேறும்போது 350 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. அது வெப்பத்தைக் கொடுக்கும் சராசரி வெப்பநிலையை 1,200 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் 480 மெகாவாட்டுடன் வரும் என்ட்ரோபி 480 ÷ 1,200 = 0.40. குழாய்ச் சுவரைத் தாண்டி உள்ளே வரும்போது அதே 480 மெகாவாட்டுடன் வருவது 0.75. ஒரு ஜூல்கூடத் தொலையவில்லை. ஆனால் சுடருக்கும் நீராவிக்கும் இடையே 0.35 என்ட்ரோபி புதிதாகப் பிறந்துவிட்டது. அதன் விலை 0.35 × 320 = 112 மெகாவாட். டர்பைனின் அத்தனை குறைகளும் சேர்ந்து 25. வெப்பம் சுடரிலிருந்து நீராவிக்கு இறங்கிய ஒரே படி 112.

அப்படியானால் நீராவியை ஏன் 1,000 டிகிரிக்குச் சூடாக்கவில்லை? தடுப்பது இரும்பு. சூப்பர்ஹீட்டர் குழாய் உள்ளே 150 பார் அழுத்தத்தைத் தாங்கியபடி பல ஆண்டுகள் சிவக்கும் சூட்டில் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் எஃகு உடனே உடையாது. மெழுகுபோல் மெல்ல மெல்ல நீளும். க்ரீப் என்று சொல்வது இதைத்தான். இதற்கான வழக்கமான ஆயுள் கணக்கின்படி, 540 டிகிரியில் 1,00,000 மணி நேரம் தாங்கும் குழாய், 550 டிகிரியில் அதே அழுத்தத்தில் ஏறக்குறைய 50,000 மணி நேரமே தாங்கும். பத்து டிகிரிக்குப் பாதி ஆயுள். ஆகவே நீராவியின் சூட்டை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. குழாய்க்குள் உப்புப் படிவு சேர்ந்து சுவர் உள்ளுக்குள் சூடானாலும் இதே கதிதான். வெடித்த குழாயைப் பார்த்தால் அடையாளம் தெரியும்: நெடுநாள் க்ரீப்பில் போன குழாயின் பிளவு தடித்த உதடுடன் இருக்கும், திடீர்ச் சூட்டில் வெடித்தது கத்தி முனைபோல் மெலிந்து விரிந்திருக்கும்.

இரும்பு எவ்வளவு முன்னேறுகிறதோ அவ்வளவுதான் திறனும் முன்னேறும். வட சென்னையில் கட்டப்பட்டுள்ள 800 மெகாவாட் அலகைப் போன்ற சூப்பர்கிரிட்டிக்கல் அலகுகள், நீரின் மாறுநிலை அழுத்தமான 221 பாருக்கு மேல் ஓடுகின்றன. அங்கே கொதித்தல் என்ற தட்டையான படியே கிடையாது. அழுத்தம் கூடியது, தண்ணீர் நுழையும் சூடும் 290 டிகிரி அளவுக்குப் போனது, எஃகும் மேம்பட்டது. எல்லாம் சேர்ந்து சராசரி T₁ 640-லிருந்து 680 கெல்வினை எட்டுகிறது. வரம்பு 50-லிருந்து 53 விழுக்காடு ஆகிறது. இத்தனை உழைப்புக்கும் மூன்று புள்ளிதான். ஆனால் அது வாழ்நாள் முழுக்க நிலக்கரியை மிச்சப்படுத்தும் மூன்று புள்ளி.

எதிர்ப்பக்க உதாரணம் கூடங்குளம். அணு உலையில் எரிபொருளைச் சுற்றியுள்ள உறையும் அழுத்தக் கலனும் அனுமதிக்கும் அளவுக்குத்தான் நீரைச் சூடாக்கலாம். டர்பைனுக்கு வரும் ஆவி 275 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகவே 3,000 மெகாவாட் வெப்பத்துக்கு 1,000 மெகாவாட் மின்சாரம். மீதி ஏறக்குறைய 2,000 கடலுக்கு. இது அணுமின்சாரத்தின் குறை அல்ல. T₁ தாழ்ந்ததன் விளைவு.

குளிர்ந்த முனை: ஐந்து டிகிரிக்கு நான்கு மெகாவாட்

T₁ பாய்லர் கட்டும் நாளிலேயே முடிவாகிவிடும். T₂ அப்படியல்ல, தினமும் மாறும். நம் கணக்கில் அது 47 டிகிரி. உள்ளே வரும் கடல்நீர் 32 டிகிரி. 9 டிகிரி சூடாகி 41-ல் வெளியேறுகிறது. வெளியேறும் நீருக்கும் ஆவிக்கும் இடையே 6 டிகிரி இடைவெளி. 32 + 9 + 6 = 47. இந்தக் கூட்டலை மனதில் வைத்துக்கொண்டால் கண்டென்சரின் நோயைக் கண்டுபிடிப்பது எளிது.

ஒரு நாள் வேக்கம், அதாவது கண்டென்சருக்குள் இருக்கும் வெற்றிடம், குறைந்து, ஆவியின் வெப்பநிலை 52 டிகிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டாயமாக விட வேண்டிய வெப்பம் 0.75 × 5 = 3.75 மெகாவாட் கூடிவிட்டது. அதே நிலக்கரிக்கு மின்சாரம் ஏறக்குறைய 4 மெகாவாட் குறையும். காரணம் எது?

1. உள்ளே வரும் நீரே 37 டிகிரி; ஏற்றம் 9, இடைவெளி 6 என்று மற்றவை மாறவில்லை. கண்டென்சரில் குற்றமில்லை. கோடை, அல்லது வெளியே விட்ட வெந்நீர் சுற்றிக்கொண்டு மீண்டும் உள்ளே வருகிறது, அல்லது கூலிங் டவரில் கோளாறு.

2. நீர் 32, ஆனால் ஏற்றம் 14. தண்ணீர் குறைவாக ஓடுகிறது. பம்ப், நுழைவாயில் வலை, குழாய்த் தகட்டை அடைத்த சிப்பியும் குப்பையும் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. நீர் 32, ஏற்றம் 9, ஆனால் இடைவெளி 11. வெப்பம் குழாய்ச் சுவரைத் தாண்டத் திணறுகிறது. உட்புறம் சேறும் படிவமும் பிடித்திருக்கலாம். அல்லது வெளிப்புறம் காற்று போர்வைபோல் சூழ்ந்திருக்கலாம்.

மூன்றாவதில்தான் பெரும்பாலும் தடுமாற்றம். காற்று புகுந்திருந்தால் மூன்று துணை அடையாளங்கள் இருக்கும்: கண்டென்சரிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப் அல்லது எஜெக்டர் வெளியேற்றும் காற்றின் அளவு கூடியிருக்கும், கண்டென்சரின் அடித்தொட்டியான ஹாட்வெல்லில் சேரும் நீர், ஆவியின் வெப்பநிலையைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும், அந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் ஏறியிருக்கும். மூன்றும் சரியாக இருந்தால் குழாயைத் துலக்க வேண்டியதுதான். இதைப் பிரித்துப் பார்க்காமல் அலகை நிறுத்திக் குழாய்களைத் துலக்கிவிட்டு, மறுபடி ஓட்டியபோது வேக்கம் அப்படியே நிற்பதைப் பார்ப்பது வீண் செலவு. கசிவு இருந்தது டர்பைன் தண்டின் சீலான கிளாண்டிலோ ஒரு சிறிய வால்விலோவாக இருக்கும். ஹீலியத்தைத் தெளித்து எஜெக்டர் பக்கம் அது வருகிறதா என்று பார்த்தால் ஓட்டும்போதே இடத்தைப் பிடித்துவிடலாம்.

இனி, "கண்டென்சருக்குக் குளிர்பதன இயந்திரம் வைத்தால் T₂ இறங்குமே" என்ற யோசனை. கணக்கிட்டுப் பார்ப்போம். 320-லிருந்து 310 கெல்வினுக்கு இறக்கினால் டர்பைனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 0.75 × 10 = 7.5 மெகாவாட். ஆனால் 310 கெல்வினில் விடப்படும் 232.5 மெகாவாட் வெப்பத்தை 320-க்குத் தூக்கி விட, குறையே இல்லாத குளிர்பதனத்துக்குக்கூட 232.5 × 10 ÷ 310 = 7.5 மெகாவாட் வேண்டும். சம்பாதித்தது அப்படியே செலவு. நிஜக் குளிர்பதனம் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும், ஆகவே நஷ்டம்.

41 டிகிரி வெந்நீரை என்ன செய்யலாம்?

மின்சாரமாக்க வேண்டும் என்றால் அதிலிருந்து எவ்வளவு வரும் என்பதை அதே சூத்திரம் சொல்லிவிடும். 41-லிருந்து 32 டிகிரிக்கு ஆறும் நீரின் சராசரி 309.5 கெல்வின், சுற்றுப்புறம் 305. வரம்பு 1 − 305/309.5, அதாவது 1.5 விழுக்காடுகூட இல்லை. 265 மெகாவாட்டிலிருந்து, எல்லாம் பழுதின்றி நடந்தால், 4 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவு. அதற்குத் தேவையான வெப்பமாற்றிகள் முதன்மைக் கண்டென்சரைவிடப் பெரியவையாக இருக்க வேண்டும். தண்ணீரைத் தள்ளும் பம்புகள் அந்த நான்கில் பெரும் பங்கைத் தின்றுவிடும். "வீணாகும் வெப்பம் 265 மெகாவாட்" என்ற எண் பெரியது; அதற்குள் இருக்கும் வேலை மிகச் சிறியது.

ஆனால் தேவை மின்சாரமாக இல்லாமல் வெப்பமாகவே இருந்தால் நிலைமை வேறு. சர்க்கரை ஆலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கரும்புச் சாற்றைக் காய்ச்ச அதற்குத் தாழ்ந்த அழுத்த நீராவி எப்படியும் வேண்டும். சக்கையை எரித்து உயர் அழுத்தத்தில் ஆவியாக்கி, டர்பைன் வழியாக விரியவிட்டு, 47 டிகிரி வரை இறக்காமல், 120 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே வெளியே எடுத்துச் சாறு காய்ச்சும் கலன்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அந்தக் கலன்களே கண்டென்சர். T₂ உயர்ந்துவிட்டதால் ஒரு கிலோ ஆவிக்குக் கிடைக்கும் மின்சாரம் குறையும். இரண்டாம் விதி கேட்ட வெப்பத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அது விழும் இடத்தில் கடலுக்குப் பதிலாகச் சாறு கொதிக்கிறது. அனல்மின் நிலையத்திலும் இப்படிச் செய்யலாம், பக்கத்தில் அவ்வளவு ஆவியை ஆண்டு முழுக்க வாங்கிக்கொள்ளும் ஆலை இருந்தால். நீராவியைக் குழாயில் சில கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோவது கட்டுப்படியாகாது என்பதால், அந்த "இருந்தால்" என்ற சொல்லில்தான் பெரும்பாலான திட்டங்கள் நின்றுவிடுகின்றன.